கடன் யார் தலையில் விழும்? எல்.எல்.பி., பார்ட்னர்ஷிப், கம்பெனி... வணிகச் சட்ட எம்.சி.க்யூ.வில் குழப்பும் இடங்கள்!

யு.ஜி.சி. நெட் வணிகவியல் போன்ற தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் வணிகச் சட்டத்தில் அடிக்கடி மார்க்கை விடும் இடம் எல்.எல்.பி. பாடம் சின்னதுதான். ஆனால் நான்கு விடைகளில் இரண்டு ஒரே மாதிரி இருக்கும். ஒன்று சாதாரண பார்ட்னர்ஷிப்புக்குப் பொருந்தும், இன்னொன்று கம்பெனிக்குப் பொருந்தும். நடுவில் நிற்கும் எல்.எல்.பி. எந்தப் பக்கம் சேரும் என்பதில்தான் குழப்பமே.

இதைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தொழில் நொடித்துப்போனால் கடன் யார் தலையில் விழும் என்ற ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான விடைகள் தானாக வந்து நிற்கும். அம்பத்தூரில் நடப்பதாக ஒரு கற்பனைக் கணக்கை வைத்து இதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு வார்த்தைச் சிக்கல்

பேச்சுத் தமிழில் பார்ட்னரையும் 'பங்குதாரர்' என்கிறோம், கம்பெனியில் ஷேர் வைத்திருப்பவரையும் 'பங்குதாரர்' என்கிறோம். சட்டத்தில் இவர்கள் இருவரும் வேறு வேறு ஆட்கள். அதனால்தான் பாடநூல்கள் பார்ட்னரைக் 'கூட்டாளி' என்றும் ஷேர் வைத்திருப்பவரைப் 'பங்குநர்' என்றும் பிரித்து எழுதுகின்றன. தமிழில் கேள்வியைப் படிக்கும்போது இது எந்தப் பங்குதாரர் என்று ஒரு நொடி நின்று பார்ப்பது நல்லது. இந்தக் கட்டுரையில் கூட்டாளி, பங்குநர் என்றே சொல்வோம்.

அம்பத்தூர் கணக்கு: 18 லட்சம் பள்ளம்

1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் ஏராளம். அப்படி ஒரு பட்டறையை ரவி, சலீம், மேரி என்று மூன்று பேர் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். பெயர்கள் உதாரணத்துக்கு மட்டும். ஆளுக்கு 5 லட்சம் போட்டு ஆரம்பித்தார்கள். பெரிய ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போனதில் தொழில் படுத்துவிட்டது. இரும்புக் கம்பி கொடுத்த வியாபாரிக்கு 40 லட்சம் பாக்கி. மெஷின், ஸ்டாக், வங்கியில் இருப்பது எல்லாவற்றையும் விற்றுத் தீர்த்தாலும் 22 லட்சம்தான் தேறும். மீதி 18 லட்சம்.

மேரிக்குத் திருமுல்லைவாயலில் சொந்த வீடு இருக்கிறது. ரவியிடம் ஒரு பைக் தவிர எதுவும் இல்லை. சலீமிடம் கொஞ்சம் சேமிப்பு. இப்போது அந்த 18 லட்சத்துக்கு யார் பொறுப்பு? பட்டறையை எந்த வடிவத்தில் பதிவு செய்தார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

சாதாரண பார்ட்னர்ஷிப் என்றால்: மேரியின் வீடு வரை வரும்

1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, ஃபர்ம் என்பது கூட்டாளிகளைத் தாண்டிய தனி நபர் இல்லை. கூட்டாளிகள் மொத்தமாகச் சேர்ந்தால் அதற்குப் பெயர் ஃபர்ம், அவ்வளவுதான். அதனால் ஃபர்மின் கடன் கூட்டாளிகளின் கடன்.

இந்தச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, ஒவ்வொரு கூட்டாளியும் மற்றவர்களோடு சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்கிறது. 'தனித்தனியாகவும்' என்ற வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. ஆளுக்கு 6 லட்சம் என்று பிரித்துத்தான் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் வியாபாரிக்குக் கிடையாது. 18 லட்சத்தையும் மேரி ஒருவரிடமே கேட்கலாம். மேரி கட்டிவிட்டு, ரவியிடமும் சலீமிடமும் தலா 6 லட்சம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ரவியிடம் எதுவும் இல்லை என்றால் அது வியாபாரியின் கவலை இல்லை.

'கூட்டாளியின் பொறுப்பு அவருடைய லாபப் பங்கின் அளவுக்குத்தான்' என்று ஒரு விடை கொடுத்திருப்பார்கள். படிக்கும்போது நியாயமாகத் தெரியும். ஆனால் தவறு. லாபம் பிரிப்பது கூட்டாளிகளுக்குள் இருக்கும் கணக்கு. கடன் கொடுத்தவரை அது கட்டுப்படுத்தாது.

1906இல் சென்னை பார்த்த பாடம்

இது ஏட்டுச் சட்டம் மட்டும் இல்லை. மெட்ராஸில் கொடிகட்டிப் பறந்த அர்பத்நாட் அண்ட் கோ 1906 அக்டோபர் 22 அன்று நொடித்துப்போனது. பெயரில் 'கோ' இருந்தாலும் அது லிமிடெட் கம்பெனி இல்லை, கூட்டாளிகள் நடத்திய ஃபர்ம். சேமிப்பைப் போட்டு வைத்திருந்த ஆயிரக்கணக்கானவர்கள் பணத்தை இழந்தார்கள். தலைமைக் கூட்டாளியான சர் ஜார்ஜ் அர்பத்நாட் குற்றவழக்கில் சிறைத்தண்டனையும் பெற்றார். அந்த வீழ்ச்சிக்குப் பிறகு மெட்ராஸ்காரர்கள் தங்களுக்கென ஒரு வங்கி வேண்டும் என்று கூடித் தொடங்கியதுதான் இந்தியன் வங்கி. 1907இல் தொடங்கிய அந்த வங்கியை அவர்கள் கூட்டாளிகளின் ஃபர்மாக வைக்கவில்லை, பங்குகள் விற்றுப் பணம் திரட்டிய கம்பெனியாகவே பதிவு செய்தார்கள்.

'அண்ட் கோ' என்று பெயர் முடிந்தால் அது கம்பெனி என்று நினைத்துவிடக் கூடாது என்பது இதில் தேர்வுக்கும் உதவும் பாயிண்ட். தனியார் கம்பெனியின் பெயர் 'பிரைவேட் லிமிடெட்' என்றும், பொதுக் கம்பெனியின் பெயர் 'லிமிடெட்' என்றும் முடிய வேண்டும். எல்.எல்.பி.யின் பெயரில் 'எல்.எல்.பி.' அல்லது அதன் முழு வடிவம் கடைசியில் இருக்க வேண்டும்.

கம்பெனி என்றால்: சட்டத்தில் அது வேறு ஆள்

கம்பெனி பதிவான நாளிலிருந்து சட்டத்தின் பார்வையில் தனி ஆள். சொத்து அதன் பெயரில், கடன் அதன் பெயரில், வழக்கும் அதன் பெயரில்.

ஆவடியிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. டாங்கி தயாரிக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை, பல ஆண்டுகள் மத்திய அரசின் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்துக்குக் கீழ் இருந்தது. அந்த வாரியம் கலைக்கப்பட்டு, 2021 அக்டோபர் 1 முதல் ஏழு அரசு கம்பெனிகள் செயல்படத் தொடங்கின. அதில் ஒன்று ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகாம் லிமிடெட். தொழிற்சாலை அதே இடத்தில்தான் இருக்கிறது, உரிமையாளரும் அதே மத்திய அரசுதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அரசு வேறு, அந்த கம்பெனி வேறு. மொத்தப் பங்கும் ஒருவர் கையில் இருந்தாலும் கம்பெனி தனி ஆள்தான்.

அம்பத்தூர் பட்டறை பிரைவேட் லிமிடெட் ஆக இருந்திருந்தால், 22 லட்சத்தோடு இரும்பு வியாபாரி நிற்க வேண்டியதுதான். மூன்று பேரும் போட்ட 15 லட்சம் போச்சு. மேரியின் வீட்டைத் தொட முடியாது. பங்குக்குக் கட்ட வேண்டிய பணத்தில் யாராவது பாக்கி வைத்திருந்தால் அதை மட்டும் கேட்கலாம்.

எல்.எல்.பி. என்றால்: வெளியே கம்பெனி, உள்ளே பார்ட்னர்ஷிப்

2008ஆம் ஆண்டு எல்.எல்.பி. சட்டம் இந்த இரண்டையும் கலந்தது. 2009 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தது.

வெளியில் இருப்பவர்களோடு எல்.எல்.பி. கம்பெனி மாதிரி நடந்துகொள்ளும். அது தனி சட்ட நபர், கூட்டாளி மாறினாலும் இறந்தாலும் தொடரும். கம்பெனிகளின் பதிவாளரிடம்தான் பதிவும். உள்ளுக்குள் அது பார்ட்னர்ஷிப் மாதிரி. யாருக்கு எவ்வளவு லாபம், யார் என்ன வேலை என்பதெல்லாம் கூட்டாளிகள் போடும் ஒப்பந்தம் சொல்கிறபடி. ஒப்பந்தத்தில் ஒரு விஷயம் பேசப்படவில்லை என்றால் சட்டத்தின் முதல் அட்டவணை பொருந்தும். அதன்படி லாபமும் நஷ்டமும் சமபங்கு.

இங்கே ஒரு பொறி உண்டு. பெயரில் பார்ட்னர்ஷிப் இருப்பதால் 1932 சட்டம் எல்.எல்.பி.க்கும் பொருந்தும் என்று ஒரு விடை வரும். பொருந்தாது. எல்.எல்.பி. சட்டத்தின் 4ஆவது பிரிவு அதை நேராகவே சொல்லிவிடுகிறது.

பட்டறை எல்.எல்.பி.யாக இருந்தால் முடிவு கம்பெனி மாதிரியேதான். 22 லட்சம் வியாபாரிக்கு, 18 லட்சம் அவருக்கு நஷ்டம், மேரியின் வீடு பத்திரம். ஒரு கூட்டாளி 5 லட்சம் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு 2 லட்சம்தான் கட்டியிருந்தால், மீதி 3 லட்சத்தை அவர் கொண்டுவந்தாக வேண்டும்.

இந்த இடத்தில் 'ஏஜென்ட்' கேள்வியையும் புரிந்துகொள்ளலாம். சாதாரண ஃபர்மில் ஒரு கூட்டாளி தொழிலுக்காகச் செய்யும் காரியம் மற்ற கூட்டாளிகளையும் கட்டுப்படுத்தும். எல்.எல்.பி.யில் கூட்டாளி எல்.எல்.பி.க்கு மட்டுமே ஏஜென்ட். மற்ற கூட்டாளிகளுக்கு அவர் ஏஜென்ட் இல்லை. ரவி போட்ட கையெழுத்து எல்.எல்.பி.யைக் கட்டும், மேரியைக் கட்டாது.

அப்போ எல்.எல்.பி.யில் வீடு எப்பவுமே சேஃபா?

இல்லை. தேர்வில் கஷ்டமான கேள்விகள் வருவதும் இங்கேதான். சட்டம் 'கூட்டாளி என்ற ஒரே காரணத்துக்காக' யாரும் சொந்தப் பொறுப்பு ஏற்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. வேறு காரணம் இருந்தால் பாதுகாப்பு விலகிவிடும். நான்கு சூழல்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, சொந்தத் தவறு. பாகங்களைச் சோதிக்காமலேயே சோதித்ததாக ரவி சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, அதனால் வாங்கியவருக்கு நஷ்டம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ரவி தன் சொந்தச் சொத்திலிருந்தும் பதில் சொல்ல வேண்டும். தொழிலின் போக்கில் நடந்த தவறு என்பதால் எல்.எல்.பி.யும் பொறுப்பு. ஆனால் சலீமும் மேரியும் சொந்தமாகப் பொறுப்பில்லை. இது 28ஆவது பிரிவு.

இரண்டாவது, மோசடி. கடன் கொடுத்தவரை ஏமாற்றும் நோக்கத்தோடு காரியம் நடந்தால், அந்த நோக்கத்தோடு செயல்பட்ட கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்பே கிடையாது. எல்.எல்.பி.யும் அதே அளவுக்குப் பொறுப்பு. தனக்குத் தெரியாமல், தன் அதிகாரம் இல்லாமல் ஒரு கூட்டாளி செய்தது என்று நிரூபித்தால் மட்டும் எல்.எல்.பி. தப்பிக்கலாம். 'எல்லாக் கூட்டாளிகளின் பொறுப்பும் வரம்பற்றது' என்ற விடையைத் தேர்வு செய்துவிடாதீர்கள். ஏமாற்றும் நோக்கம் இருந்தவர்களுக்கு மட்டும்தான்.

மூன்றாவது, தனி ஆளாக நிற்பது. எல்.எல்.பி.க்குக் குறைந்தது இரண்டு கூட்டாளிகள் வேண்டும். ஒருவர் மட்டும் மிஞ்சி, அது தெரிந்தே ஆறு மாதத்தைத் தாண்டியும் தொழிலை நடத்தினால், அந்தக் காலத்தில் ஏற்படும் கடனுக்கு அவர் சொந்தமாகப் பொறுப்பு.

நான்காவது, பழைய கடன். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஃபர்மாக ஓடிக்கொண்டிருந்த பட்டறையை எல்.எல்.பி.யாக மாற்ற சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வழி தருகிறது. ஃபர்மில் இருந்த எல்லாக் கூட்டாளிகளும், அவர்கள் மட்டுமே, புதிய எல்.எல்.பி.யில் கூட்டாளிகளாக இருக்க வேண்டும். சொத்து, கடன் எல்லாம் எல்.எல்.பி.க்கு மாறிவிடும். ஆனால் மாற்றத்துக்கு முன்பு ஏற்பட்ட கடனுக்குக் கூட்டாளிகளின் சொந்தப் பொறுப்பு அப்படியே தொடரும்.

பட்டறை ஜூலை 1 அன்று எல்.எல்.பி. ஆனது, 40 லட்சத்தில் 30 லட்சத்துக்கான சரக்கு மே மாதமே வாங்கியது என்றால், அந்த 30 லட்சத்துக்கு மேரியின் வீடு இன்னமும் ஆபத்தில்தான். மே மாதம் ஒப்பந்தம் போட்டு ஆகஸ்டில் கடன் ஏற்பட்டாலும் அதே கதைதான். மாற்றத்துக்கு முன்பு போட்ட ஒப்பந்தத்திலிருந்து வரும் பொறுப்பும் பழைய கணக்கில்தான் சேரும். ஆகவே கேள்வியில் தேதி கொடுத்திருந்தால் அது சும்மா கொடுத்ததாக இருக்காது.

இதில் எதிலும் சேராத ஒன்றும் உண்டு. வங்கிக் கடனுக்கு ஒரு கூட்டாளி சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், அது அவருக்கும் வங்கிக்கும் நடுவில் தனி ஒப்பந்தம். எல்.எல்.பி. ஆனாலும் கம்பெனி ஆனாலும் அந்தக் கையெழுத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சிறு தொழில்களுக்கு வங்கிகள் இப்படி ஜாமீன் கேட்பது வழக்கம் என்பதால், நிஜ வாழ்க்கையில் வீடு போவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

பதிவு செய்யாத ஃபர்ம்: வழக்கு யார் போடலாம்?

கம்பெனியோ எல்.எல்.பி.யோ பதிவு இல்லாமல் பிறக்கவே முடியாது. ஆனால் சாதாரண ஃபர்முக்குப் பதிவு கட்டாயம் இல்லை. 'பதிவு செய்யாத ஃபர்ம் சட்டவிரோதம்' என்ற விடை அதனால் தவறு.

பதிவு இல்லாததன் விலை வேறு இடத்தில் தெரியும். பூந்தமல்லியில் உள்ள ஒரு வாடிக்கையாளர் நம் பட்டறைக்கு 6 லட்சம் பாக்கி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃபர்ம் பதிவாகவில்லை என்றால், ஒப்பந்தத்தைக் காட்டி அந்தப் பணத்துக்கு வழக்குப் போட முடியாது. ஆனால் இரும்பு வியாபாரி அந்த ஃபர்ம் மேல் வழக்குப் போடலாம். அடி வாங்கலாம், திருப்பி அடிக்க முடியாது என்ற நிலைமை. இது 69ஆவது பிரிவு. முதலில் பதிவு செய்துவிட்டு, காலக்கெடு முடியாமல் இருந்தால் பிறகு வழக்குத் தொடுக்கலாம்.

பழைய கைடு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

இரண்டு எண்கள் மாறியிருக்கின்றன. எல்.எல்.பி.யில் குறைந்தது இரண்டு நியமிக்கப்பட்ட கூட்டாளிகள் வேண்டும், இருவரும் தனிநபர்களாக இருக்க வேண்டும், ஒருவராவது இந்தியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். வசிப்பவர் என்பதற்கு முன்பு 182 நாள் கணக்கு இருந்தது. 2021 திருத்தச் சட்டத்தால் 2022 ஏப்ரல் 1 முதல் அது நிதியாண்டில் 120 நாள் ஆகிவிட்டது. உங்கள் கைடில் 182 என்று இருந்தால் அது திருத்தத்துக்கு முந்தைய பதிப்பு.

இன்னொன்று அதிகபட்ச எண்ணிக்கை. எல்.எல்.பி.க்கு உச்சவரம்பு கிடையாது. சாதாரண ஃபர்முக்குப் பழைய புத்தகங்களில் 20 என்று இருக்கும். அது 1956 கம்பெனிச் சட்டக் காலத்துக் கணக்கு. 2013 சட்டம் 100க்கு மேல் போகக் கூடாது என்கிறது. அதன் கீழ் போட்ட விதி 50 என்று நிர்ணயித்திருக்கிறது. 'விதிப்படி எத்தனை' என்றால் 50, 'சட்டத்தில் சொல்லியிருக்கும் மேல் எல்லை' என்றால் 100. பிரைவேட் கம்பெனிக்கு 200 உறுப்பினர்கள்.

நீங்களே பார்த்துவிடுங்கள்: 4 கேள்விகள்

1. எல்.எல்.பி. கூட்டாளி ஒருவர் அலட்சியத்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் ஏற்படுத்தினார். சொந்தமாகப் பொறுப்பு யாருக்கு?
அ) எல்லாக் கூட்டாளிகளுக்கும்
ஆ) தவறு செய்தவருக்கு மட்டும்
இ) யாருக்கும் இல்லை
ஈ) நியமிக்கப்பட்ட கூட்டாளிகளுக்கு

விடை: ஆ. எல்.எல்.பி.யும் பொறுப்புதான். ஆனால் கேள்வி 'சொந்தமாக' என்று கேட்கிறது. அவசரத்தில் பலர் இ போடுவார்கள்.

2. இரண்டே கூட்டாளிகள் உள்ள சாதாரண ஃபர்மில் ஒருவர் இறந்துவிட்டார். ஃபர்ம் என்ன ஆகும்?
அ) தொடரும்
ஆ) ஒப்பந்தம் இருந்தால் தொடரும்
இ) முடிந்துவிடும்
ஈ) எல்.எல்.பி. ஆகிவிடும்

விடை: இ. மூன்று பேர் இருந்தால் ஒப்பந்தம் காப்பாற்றும். ஒரே ஆள் தனக்குத்தானே கூட்டாளியாக இருக்க முடியாது. எல்.எல்.பி.யாக இருந்தால் ஆறு மாத அவகாசம் கிடைத்திருக்கும்.

3. ஃபர்ம் எல்.எல்.பி.யாக மாறியது. மாற்றத்துக்கு முந்தைய கடனுக்கு யார் பொறுப்பு?
அ) எல்.எல்.பி. மட்டும்
ஆ) பழைய கூட்டாளிகள் மட்டும்
இ) எல்.எல்.பி.யும் கூட்டாளிகளும்
ஈ) யாரும் இல்லை

விடை: இ. 'மட்டும்' என்ற வார்த்தை இருக்கும் இரண்டு விடைகளும் தவறு.

4. எல்.எல்.பி. கூட்டாளி யாருக்கு ஏஜென்ட்?
அ) மற்ற கூட்டாளிகளுக்கு
ஆ) எல்.எல்.பி.க்கு
இ) இருவருக்கும்
ஈ) யாருக்கும் இல்லை

விடை: ஆ. இ என்று போட்டால் சாதாரண ஃபர்மின் விடையைப் போட்டதாக அர்த்தம்.

கதை மாதிரி கேள்வி வந்தால்

கேள்வியைப் படித்ததும் விடைகளுக்குப் போகாமல், வரிசையாக மூன்று விஷயங்களைப் பார்க்கவும். இது ஃபர்மா, எல்.எல்.பி.யா, கம்பெனியா? கடன் எந்தத் தேதியில் வந்தது, மாற்றத்துக்கு முன்பா பின்பா? பணம் கேட்கப்படுபவர் தானே தவறு செய்தாரா, ஏமாற்றினாரா, ஜாமீன் போட்டாரா, இல்லை வெறும் கூட்டாளியா? மூன்றாவது கேள்விக்கு 'வெறும் கூட்டாளிதான்' என்று பதில் வந்து, கடனும் எல்.எல்.பி. ஆன பிறகு வந்தது என்றால், மேரியின் திருமுல்லைவாயல் வீட்டைத் தொட முடியாது.